ஓட்டுநரைக் காதில் மாட்டிய கணக்கர்

"எண்ணைப் போட்டா போதும். எண் தானா பேசும். எண்ணுக்குப் பக்கத்துல உக்காந்து விளக்கம் எழுதுறவன் தன் எண்ணையே நம்பாதவன். இந்த இருபத்தஞ்சு வருஷத்துல நான் ஒரு எண்ணுக்கும் விளக்கம் எழுதினது இல்ல. இனிமேலும் எழுத மாட்டேன்."

நம் கணக்கர் தம் இருபத்தைந்து ஆண்டுப் பணிக்கான பாராட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை முழுவதும் இவ்வளவுதான். கேட்டவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தவர். ஆனாலும் கைதட்டல் பலமாக இருந்தது, ஏனென்றால் உரை சீக்கிரம் முடிந்துவிட்டது. பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை அவர் தம் மேசைக்கு நேர் எதிரே மாட்டினார். அது நாளொன்றுக்கு நாலு நிமிடம் தாமதமாக ஓடியது. அவர் அதைத் திருத்தவில்லை. மனத்துக்குள் நாலைக் கூட்டிக்கொண்டார்.

அவர் வேலை பார்த்த இடம் காது சரியாகக் கேட்காத குழந்தைகளுக்கான ஒரு சிறிய நிலையம். மூன்று அறைகள், ஒரு வண்டி, கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் கேட்காத ஒரு பரிசோதனைப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் மதியம் அரைமணி நேரம் தூங்கலாம் என்பது ஊழியர்கள் எல்லோருக்கும் தெரிந்த, எந்த அறிக்கையிலும் இடம்பெறாத உண்மை. பிள்ளைகளின் கேட்கும் திறனைச் சோதிப்பார்கள், செவிக்கருவி கொடுப்பார்கள், அதற்குப் பிறகு வருடக்கணக்காக அதைப் பார்த்துக்கொள்வார்கள். நடத்துபவர் ஒரு மருத்துவர். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா.

கணக்கரின் வாழ்க்கையை எழுதப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடக் கூடாது. ஒன்று, அவருடைய ஸ்கேல். ஓரம் தேய்ந்த முப்பது சென்டிமீட்டர் மரஸ்கேல். நிலையத்தின் செலவுச் சீட்டில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அச்சடித்தவன் எதற்காக அதை வைத்தானோ, நம்மவர் ஒவ்வொரு சீட்டிலும் அந்தக் கட்டத்தின் குறுக்கே ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்துவிடுவார். யாரும் அங்கே எதையாவது எழுதி எண்ணின் அழகைக் கெடுத்துவிடக் கூடாது. வருடத்துக்குச் சுமார் ஆயிரம் கோடுகள்.

இரண்டாவது, கேள்வி எதுவானாலும் அவர் எண்ணில்தான் பதில் சொல்வார். மனைவி தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். நாள் முழுவதும் கவுன்ட்டரில் மனிதர்களிடம் பேசிவிட்டு வந்து வீட்டில் இவரிடம் பேச முயல்வார்.

"ஏங்க, எதுக்கு இவ்ளோ லேட்டு?"

"ஏழே கால்."

"நேரமா கேட்டேன்? காரணம் கேட்டேன்."

"பஸ்ஸு ரெண்டு."

"எங்க கவுன்ட்டர்ல இருக்கிற எடை மிஷின்கூட உங்கள விட நல்லாப் பேசும்" என்பார் அம்மையார். அந்த மிஷின் கிராமையும் சொல்லி, எவ்வளவு தபால்தலை ஒட்ட வேண்டும் என்றும் சொல்லுமாம்.

இப்படியே ஓய்வுபெறும் நாள்வரை அவர் எண்களோடு குடும்பம் நடத்தியிருப்பார். அடுத்த வருடமே குறுக்கே வந்தது ஒரு சாவு. நிலையத்துக்கு ஆண்டாண்டாகப் பணம் கொடுத்துவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். கணக்கர் போன வருட எண்களோடு பத்து சதவீதம் கூட்டி ஒரு தாளை நீட்டுவார், பெரியவர் கண்ணாடியைத் தேடுவார், கிடைக்காது, கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் காலமானதும் பிள்ளைகள் தந்தையின் பணத்தை ஓர் அறக்கட்டளையாக மாற்றினார்கள். அறக்கட்டளைக்குக் கண்ணாடி இருந்தது. படிவமும் இருந்தது.

படிவத்தில் செலவுப் பட்டியலுக்கு அடுத்து 'செலவு விளக்கம்' என்று ஒரு பகுதி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெட்டி. பெட்டியைக் காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. நம்மவர் முயன்று பார்த்தார். புள்ளி வைத்துப் பார்த்தார். புள்ளியையும் அது ஏற்கவில்லை. வேறு வழியில்லாமல், தன்மானத்துக்கு அதிகம் சேதமில்லாத வகையில், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே வாக்கியத்தை ஒட்டினார்: 'இது திட்டத்தின் இலக்குகளை அடைவதற்கு இன்றியமையாததாகும்.' நாலைந்து வரிகளில் மட்டும், வித்தியாசம் தெரியட்டும் என்று, பழைய ஆண்டறிக்கையிலிருந்து ஒரு வாக்கியத்தைக் கூடுதலாகச் சேர்த்தார். பிறகு தான் வெகுநாளாக ஆசைப்பட்ட ஒரு பிரிண்டரைப் பட்டியலின் தலையில் புதிய வரியாகச் செருகினார்; அடியில் காலியாகிப்போன பெட்டியிலும் அந்த வாக்கியத்தையே ஒட்டினார். அனுப்பினார். பரிசோதனைப் பெட்டிக்குள் போய் அரைமணி நேரம் தூங்கினார்.

பதிமூன்றாம் நாள் பதில் வந்தது. டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே விஷயம் நல்லதல்ல.

"கணக்கரே, நாலாவது வரி என்ன?"

"ஓட்டுநர் சம்பளம்மா."

"அதுக்கு நீங்க என்ன விளக்கம் குடுத்திருக்கீங்கன்னு படிக்கட்டுமா? 'இது திட்டத்தின் இலக்குகளை அடைவதற்கு இன்றியமையாததாகும். இது குழந்தையின் காதில் இறுக்கமாகப் பொருத்தப்படும்.'"

கணக்கர் கடிகாரத்தைத் தேடினார். அது அவர் அறையில் இருந்தது.

"அஞ்சாவது வரி செவிக்கருவி. 'தீர்ந்தவுடன் தூக்கி எறியப்படும்.' அவங்க கேக்குறாங்க, இவ்ளோ வெலை குடுத்து வாங்கி ஏன் தூக்கிப் போடுறீங்கன்னு."

நடந்தது இதுதான். பிரிண்டரைத் தலையில் செருகியபோது செலவுகள் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கின. விளக்கங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதனால் ஒவ்வொரு செலவும் தனக்குக் கீழே இருந்த செலவின் விளக்கத்தைத் தலையில் சுமந்துகொண்டு அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டுநர் செவிக்கருவியாகி, செவிக்கருவி மின்கலமாகி, மின்கலம் காதுக்குள் வைக்கும் ரப்பர் அச்சாகிவிட்டது. இருபத்தாறு வருடம் வாய் திறக்காத எண்கள் முதல்முறையாகப் பேசி, இப்படி உளறிவிட்டன.

"பத்து நிமிஷத்துல சரிபண்ணிடுறேம்மா."

"பண்ணுங்க. ஆனா இதையும் படிங்க." டாக்டரம்மா கடிதத்தைத் தள்ளினார். ஐந்து வேலை நாள்களுக்குள் விளக்கங்களை மீண்டும் அனுப்ப வேண்டும். தெளிவான விளக்கம் இல்லாத வரி நீக்கப்படும். மொத்தத் தொகை எக்காரணம் கொண்டும் கூடக் கூடாது. கீழே தனியாக ஒரு கேள்வி: 'மின்கலம் 2,640. அறுபத்து நான்கு குழந்தைகளுக்கு இத்தனை எதற்கு? பாதியாகக் குறைக்கலாமா?'

"ஏன் 2,640?" என்றார் டாக்டரம்மா.

"போன வருஷம் 2,400. பத்து பர்சென்ட் சேத்தா…"

"போன வருஷம் ஏன் 2,400?"

அதற்கு முந்தைய வருட எண் கணக்கரின் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் அதற்கு முந்தைய வருடத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பது அவருக்கே புரிந்தது. அந்தப் படிக்கட்டில் இறங்கிப் போனால், அடியில் யாரும் இல்லை.

"அவங்க பாதியாக்கினா அந்தப் பசங்க காதுல பாதி வருஷம் பிளாஸ்டிக்தான் தொங்கும்" என்றார் டாக்டரம்மா. கோபமில்லை. களைப்புதான். "எனக்குக் காரணம் சொல்லத் தெரியும். ஆனா எங்க எவ்ளோ செலவாகுதுன்னு தெரியாது. உங்களுக்கு எவ்ளோன்னு தெரியும், ஏன்னு தெரியாது. போய்க் கேட்டு எழுதுங்க."

கேட்டு எழுதுவது! நம் கதாநாயகர் வாழ்நாளில் ஒரு எண்ணுக்காக யாரிடமும் எதையும் கேட்டதில்லை, பில்லைத்தான் கேட்டிருக்கிறார். மறுநாள் காலை ஸ்கேலை மேசையில் விட்டுவிட்டு, ஒரு நோட்டுடன் கிளம்பினார்.

முதலில் மாட்டியது ஓட்டுநர். வண்டியின் கால்மிதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது; மூன்று அறை உள்ள இடத்தில் செய்திக்கு வண்டி தேவையில்லை.

"வாங்க சார். எந்தக் காதுல மாட்டப்போறீங்க, வலதா, இடதா?"

"அது… ஒரு வரி நகர்ந்துடுச்சு."

"பரவால்ல சார். இறுக்கமா மாட்டுங்க, விழுந்துடப்போறேன்."

கணக்கர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்தார். "உன் சம்பளத்துல அறுபது பர்சென்ட் இந்தத் திட்டத்துல போட்டிருக்கு. ஏன்?"

"என்னைக் கேட்டா?"

"எழுதணும்."

ஓட்டுநர் துணியைப் பிழிந்தார். "வாரத்துல அஞ்சு நாள் ஓட்டுறேன். முத மூணு நாளு காது. மிச்ச ரெண்டு நாளு கண் வைத்தியக்காரங்க வண்டியை வாடகைக்கு எடுத்துக்குறாங்க, அந்தச் சம்பளம் அவங்க குடுக்குறாங்க. அஞ்சுல மூணு. அறுபதுதானே?"

அறுபதுதான். நம்மவர் எத்தனையோ வருடம் முன்பு யாரோ சொல்லி எழுதிய எண். அது எங்கிருந்து வந்தது என்று மறந்துபோய், எண் மட்டும் மிச்சமிருந்தது. 'வாரத்தில் ஐந்து நாளில் மூன்று நாள் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் வண்டி ஓட்டுகிறார். மீதி இரண்டு நாள் சம்பளத்தை வேறு திட்டம் தருகிறது' என்று எழுதினார். எழுதி முடித்ததும் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. வாக்கியம் இவ்வளவு சிறியதாக இருக்கிறதே! இதில் 'இன்றியமையாதது' எங்கே? நுழைக்க இடம் தேடினார். இடம் இல்லை.

அடுத்தது காதச்சு செய்யும் அம்மாள். பிள்ளையின் காதுக்குள் பிசின் போன்ற ஒன்றை ஊற்றி, அது உறைந்ததும் எடுத்து, அந்த உருவத்தைப் பார்த்து மென்மையான அச்சு செய்பவர். அந்த அச்சு வழியாகத்தான் கருவியின் சத்தம் காதுக்குள் போகும். மேசை முழுவதும் சிறிய காதுகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லோரும் அவரை அச்சம்மா என்று கூப்பிடுவார்கள்.

"அச்சம்மா, 208 அச்சு போட்டிருக்கு. ஏன்?"

"நீங்கதான் சார் போட்டீங்க."

"அதான் கேக்குறேன்."

"கருவி 104. கருவிக்கு ஒண்ணு, ஒடஞ்சா ஒண்ணுன்னு ரெண்டால பெருக்கியிருப்பீங்க. அச்சு ஒடையாது சார். காதுதான் வளரும்."

கணக்கர் எழுதுவதை நிறுத்தினார். இருபத்தாறு வருடம் காதுகளுக்குக் கணக்கு எழுதியவருக்கு, காது வளரும் என்ற தகவல் முதல்முறையாக வந்து சேர்ந்தது.

"அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு மூணு மாசத்துல அச்சு லூசாயிடும். லூசானா சத்தம் வெளிய கசிஞ்சு கீச்சு கீச்சுன்னு கத்தும், பிள்ளை கழட்டி வீசிடும். அப்பிடி வருஷத்துக்கு நாலு. அந்த மாதிரி காது முப்பது இருக்கு. பெரிய பசங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணு போதும். அது எழுபத்திநாலு."

முப்பது நாலு நூற்றிருபது, எழுபத்துநாலு, ஆக நூற்றுத்தொண்ணூற்றுநாலு. "பதினாலு கூடப் போட்டிருக்கேன்" என்றார் கணக்கர், திருடு போனது தம் வீட்டிலேயே கிடைத்தவரைப் போல.

"கொறச்சுக்கோங்க. ஆனா மின்கலத்துல கை வெச்சீங்கன்னா நான் பேச மாட்டேன்."

"அத அவங்கதான் பாதியாக்கச் சொல்றாங்க."

அச்சம்மா கையிலிருந்த சிறிய காதை மேசையில் வைத்தார். "இப்பவே பத்தல சார்! உங்களுக்குத் தெரியாதா? மூணாவது மாசத்துலயே பசங்க அம்மாங்க வந்து நிக்குறாங்க. நான் அடுத்த மாசப் பங்குல இருந்து எடுத்துக் குடுக்குறேன். கடைசி மூணு மாசம் ஒண்ணும் இருக்காது."

"2,400 தீர்ந்துச்சுன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"சொல்லலாம்னா எங்க சொல்றது? சீட்டுல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுலதான் நீங்க கோடு போட்டுடுறீங்களே."

இந்த இடத்தில் வரலாற்றாசிரியர் சற்று மௌனம் காப்பது மரியாதை. வருடத்துக்கு ஆயிரம் கோடுகள், இருபத்தாறு வருடம்.

அன்று மாலை வீட்டில் மனைவி கேட்டார்: "என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"104" என்றார் கணக்கர்.

"காய்ச்சலா?" அம்மையார் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இல்லியே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் மாலை, ஐந்தில் மூன்றாம் நாள், கணக்கர் பேருந்து ஏறினார். அச்சம்மா ஒரு முகவரி கொடுத்திருந்தார். வண்டி கண் வைத்தியக்காரர்களிடம் இருந்தது. பேருந்தில் உட்கார இடமில்லை. நகரத்தின் மறுகோடியில், சலவைக்கடைகள் வரிசையாக இருந்த ஒரு தெருவில் இறங்கி, நீராவி வரும் கதவு ஒன்றின் முன் நின்றார். உள்ளே ஒரு பெண்மணி சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மூலையில் ஏழு வயதுப் பெண் ஒன்று தரையில் குப்புறப் படுத்து, பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தது. அதன் இரண்டு காதிலும் ஒன்றுமில்லை.

"நெலயத்துல இருந்து வர்றேன்மா. கணக்குப் பாக்குறவன்."

பெண்மணியின் கையில் இருந்த இஸ்திரிப்பெட்டி நின்றது. "கருவியைத் திருப்பி வாங்கிக்கப் போறீங்களா?"

"இல்ல இல்ல. ஒரு மின்கலம் எத்தன நாள் வருதுன்னு கேக்கணும். அவ்ளோதான்."

"அதுக்கா இவ்ளோ தூரம்?" நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். பஞ்சுக்குள் இரண்டு செவிக்கருவிகள். "பத்து நாளு. ஒண்ணொண்ணு பதினோரு நாள் வரும். ஸ்கூல் விட்டு வந்தா கழட்டி வெச்சுடுவேன் சார். லீவு நாள்லயும் கழட்டிடுவேன். மிச்சம் புடிக்கத்தான்."

"மிச்சம் ஆகுதா?"

"அச்சம்மா ஆகாதுன்னாங்க. மின்கலத்தோட முதுகுல இருக்கிற ஸ்டிக்கரை உரிச்சுட்டா காத்து பட்டு அது பாட்டுக்குத் தீந்துக்கிட்டேதான் இருக்குமாம். இருந்தாலும் ஒரு நாள் ரெண்டு நாள் கூட வந்தா நமக்கு லாபம்தானே? கடைசி மூணு மாசம் வெளிய வாங்கித்தான் போடுறேன். ஒரு காதுக்கு மட்டும். முதல் வாரம் இது, அடுத்த வாரம் அது."

"வீட்டுல பேச வேணாமா அவகூட?"

"வீட்டுல நான்தானே சார். தொட்டுக் கூப்பிடுவேன்."

கணக்கர் அந்தக் குழந்தையைப் பார்த்து, "பாப்பா" என்றார். குழந்தை வரைந்துகொண்டிருந்தது. சற்று உரக்க, "பாப்பா" என்றார். இஸ்திரிப்பெட்டியிலிருந்து நீராவி சீறியது. குழந்தை ஒரு மரத்துக்குப் பச்சை தீட்டியது. அதன் கவனத்தை எண்ணால் அழைக்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்திருப்பார், பழக்கதோஷம். பிறகு நோட்டை மூடினார். திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்தது. ஆனாலும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

நான்காம் நாள் எழுத உட்கார்ந்தார். நாற்பது குழந்தைகளுக்கு இரண்டு காது, இருபத்துநான்கு குழந்தைகளுக்கு ஒரு காது, 104 கருவிகள். பத்து நாளைக்கு ஒரு மின்கலம், வருடத்துக்கு முப்பத்தேழு. 3,848. அறக்கட்டளை 2,640-ஐப் பாதியாக்கச் சொல்கிறது. சரியான எண்ணோ அதைவிட ஆயிரத்து இருநூற்றெட்டு அதிகம். ஒரு கேள்வி கேட்கப்பட்ட வரியில் எண்ணைக் குறைப்பான் கணக்கன், அல்லது மன்னிப்புக் கேட்பான். ஏற்றியவன் வரலாற்றிலேயே இல்லை. மொத்தத் தொகையும் கூடக் கூடாது. வேறு ஏதாவது வரியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

அவர் பட்டியலில் மேலிருந்து கீழாக வந்தார். ஒவ்வொரு வரியின் முன்னும் நின்று 'ஏன்?' என்று கேட்டார். செவிக்கருவி சொன்னது, ஓட்டுநர் சொன்னார், எரிபொருள் சொன்னது: வாரம் மூன்று நாள், நாளுக்கு எண்பது கிலோமீட்டர். அலுவலக வாடகை என்ற வரி வந்தது. பட்டியலின் அடியில் நிர்வாகச் செலவு பத்து சதவீதம் என்று தனியாக ஒரு வரி இருந்தது. வாடகை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் அதற்குள்தான் அடக்கம் என்று படிவத்தின் குறிப்பிலேயே போட்டிருந்தார்கள். ஒரே வாடகையை இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார். அதை அடித்தார். 'இதர செலவுகள்' என்ற வரி வந்தது. இதர என்றால் எது? அந்த வரி இருபத்தாறு வருடமாக அங்கே குடியிருந்தது. யாரும் அதன் ஊர், பேர் கேட்டதில்லை. கேட்டார். பதில் இல்லை. அடித்தார்.

கூட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் துண்டு விழுந்தது.

கடைசியாகப் பட்டியலின் தலைக்குப் போனார். பிரிண்டர். சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் தானாக அச்சடிக்கும், விலைப்புள்ளி மூன்று கடையில் வாங்கி இணைத்தாயிற்று. பெட்டியில் எழுத ஆரம்பித்தார்: 'பழைய பிரிண்டர்…' பழைய பிரிண்டர் வேலை செய்கிறது. சற்று முனகும். 'இது குழந்தைகளுக்கு…' குழந்தைகளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எத்தனையோ பெட்டிகளை 'இன்றியமையாதது' என்று நிரப்பியவருக்கு இந்த ஒரு பெட்டியை நிரப்பத் தெரியவில்லை. வரியை அடித்தார். இப்போது கணக்கு சரியாக வந்தது. கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

மின்கலத்துக்கு எதிரே எழுதினார்:

'64 குழந்தைகள், 104 கருவிகள். ஒரு மின்கலம் சுமார் பத்து நாள் வரும், கருவிக்கு வருடம் 37, மொத்தம் 3,848. ஆறு ஆறாக அட்டையில்தான் விற்பார்கள், 642 அட்டை, அதாவது 3,852, நான்கு மிச்சமாகும். விலைப்புள்ளி இணைப்பில். முந்தைய பட்டியலில் இருந்த 2,640 தவறு. அது போன வருட எண்ணோடு பத்து சதவீதம் கூட்டியது; போன வருடம் ஒன்பதாம் மாதமே தீர்ந்துவிட்டது. தீர்ந்தபின் குழந்தைகள் ஒரு காதில் மட்டும் மாட்டுகிறார்கள். பள்ளி விட்டதும் கழற்றிவைக்கிறார்கள். மின்கலம் இல்லாத கருவி எதையும் கேட்க உதவாது.'

தம் சம்பள வரிக்கும் எழுதினார். பதினைந்து சதவீதம். மாதம் இருபது வேலை நாளில் மூன்று நாள் இந்தத் திட்டத்தின் பில்களைச் சரிபார்க்கிறார். அந்த மூன்று நாள் என்ன செய்கிறார் என்று எழுதியபோது இரண்டரை நாளுக்குத்தான் வேலை வந்தது. மீதி அரை நாளை யோசித்து, 'கடந்த மாதச் செலவு ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று ஊழியர்களிடம் கேட்டறிதல்' என்று எழுதினார். அது இதுவரை நடந்ததில்லை. ஆனால் எழுதியாயிற்று, இனி நடந்துதான் ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒருமுறை மேலிருந்து படித்தார். பட்டியலின் வரிசையும் விளக்கத்தின் வரிசையும் விரல் வைத்துச் சரிபார்த்தார், ஓட்டுநர் மறுபடி காதுக்குள் போய்விடக் கூடாதே என்று. டாக்டரம்மா படித்தார். மின்கல வரியை இரண்டு முறை படித்தார்.

"இவ்ளோ நாள் இத ஏன் எழுதல கணக்கரே?"

"எண் பேசும்னு நெனச்சேன்மா."

"பேசும். ஆனா அதுக்கும் யாராவது காது கொடுக்கணுமே" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அனுப்புங்க. ஏத்திக் கேக்குறோம், பாப்போம்."

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மின்கல வரி அப்படியே ஏற்கப்பட்டது. அச்சு 194 ஏற்கப்பட்டது. எரிபொருளில் எட்டு சதவீதம் குறைத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் சொல்லவில்லை. அறக்கட்டளைகளுக்கு விளக்கம் எழுதும் பெட்டி கிடையாது. டாக்டரம்மா மின்னஞ்சலை வாசித்தபோது அச்சம்மா மேசையில் இருந்த சிறிய காதுகளையெல்லாம் ஒழுங்காக வரிசைப்படுத்தினார். ஓட்டுநர், "சார், என்னைக் கழட்டிட்டாங்களா, இருக்கேனா?" என்று கேட்டார். கணக்கர், "இருக்க. அஞ்சுல மூணு" என்றார். அவர் பேசிய வாக்கியங்களில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கது அதுவே முதல்.

பிறகு தம் அறைக்கு வந்தார். நாலு நிமிடம் பிந்திய கடிகாரத்தைப் பார்த்தார், நாலைக் கூட்டினார். களைப்பாக இருந்தது. மாதக் கடைசி. ஊழியர்களின் செலவுச் சீட்டுகள் குவிந்திருந்தன. மேலே தம்முடைய சீட்டே இருந்தது. சலவைத் தெருவுக்குப் போய்வந்த பேருந்துக் கட்டணம். கணக்குத் தலைப்பு எண், தேதி, தொகை எல்லாம் எழுதியாயிற்று. சின்னத் தொகை. யாரும் கேட்க மாட்டார்கள்.

பழக்கப்பட்ட கை ஸ்கேலை எடுத்துக் குறிப்புக் கட்டத்தின் குறுக்கே வைத்தது. பிறகு ஸ்கேலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். கட்டம் சிறியது, எழுத்தையும் சிறியதாக்கிக்கொண்டு எழுதினார்:

'போக வர, ஒரு ஆள். மின்கலம் எத்தனை நாள் வருகிறது என்று கேட்கப் போனேன்.'